மைக் இல்லாமல் கேட்ட பலகை

எனக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'ஏன் சார்'. கழிவறைச் சுவரில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கையெழுத்து நன்றாக இருந்தது, எழுத்துப்பிழையும் இல்லை. அந்தப் பாலிடெக்னிக்கில் அது அபூர்வம் என்பதால் அழிக்கச் சொல்லவில்லை.

பெயருக்குக் காரணம் நான் தயாரித்த கேள்விகள். பென்னாகரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால், கல் உடைத்துத் தீர்ந்துபோன ஒரு குன்றை ஒட்டி எங்கள் கட்டடம். அதில் இருபது வருடங்களாக மின்னணுவியல் நடத்துகிறேன். பெருக்கிச் சுற்று என்றால் சூத்திரம் கொட்டுவார்கள். ஆதாயம் எவ்வளவு, அலைவரிசை எவ்வளவு, எல்லாம் தசம புள்ளி வரை சரியாக வரும். "இந்த எமிட்டர் ரெசிஸ்டர் ஆதாயத்தைக் குறைக்கிறதே, பிறகு எதற்கு வைத்தாய்?" என்று கேட்டால், கோயிலில் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி என் காலைப் பார்ப்பார்கள். அதனால் இறுதியாண்டு செமினாருக்குச் சூத்திரம் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அவரவர் ஒரு பெருக்கி கட்டிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, இது ஏன் இங்கே, ஏன் இந்த மதிப்பு, ஏன் இந்த வகை, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். வாயால் சொல்ல வராவிட்டால் செய்து காட்டலாம். அதற்கும் மதிப்பெண் உண்டு.

புரட்சி செய்துவிட்டதாக ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அடுத்த வாரம் 'ஏன் கேள்விகளுக்கு எளிய விடைகள்' என்று ஒரு பிடிஎஃப் எல்லார் செல்போனிலும் சுற்றியது. எமிட்டர் ரெசிஸ்டர் ஏன்? வெப்ப நிலைத்தன்மைக்காக. இணைப்புக் கெப்பாசிட்டர் ஏன்? நேர்திசை மின்சாரத்தைத் தடுக்க. மனப்பாடத்தை ஒழிக்கக் கிளம்பியவனுக்கு மனப்பாடத்தில் ஒரு புதுப் பாடத்தைச் சேர்த்த பெருமை கிடைத்தது.

செமினார் முதல் மாடிக் கூடத்தில். அதற்கு அடுத்த அறை பழைய வரைபடக்கூடம். அந்தப் பிரிவுக்கு ஆள் சேராமல் மூடிப் பல வருடம் ஆகிறது. சாய்வு மேசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதில் எங்களுக்குள் இருவேறு கருத்து உண்டு. மாணவர்களுக்கு அந்த அறையைப் பற்றி மூன்றாவது கருத்து ஒன்று இருந்தது. பெண்பிள்ளைகள் அந்த வழியாகத் தனியாகத் தண்ணீர் பிடிக்கப் போகமாட்டார்கள். நான் அதைக் கேலி செய்வேன். பகலில்.

செமினாருக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மாணவி என் அறை வாசலில் வந்து நின்றாள். ஏரியூர்ப் பக்கம், அந்த வரைபடக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிய விடுதியில் தங்கிப் படிப்பவள். ஓசூரில் ஒரு தொழிற்சாலை அவளை வேலைக்கு எடுத்திருந்தது, எல்லாத் தாளிலும் தேறினால் மட்டும் என்ற நிபந்தனையோடு. மற்றதெல்லாம் தேறிவிட்டாள். மிச்சம் இந்த ஒரு செமினார்தான். இதில் விழுந்தால் மறுபடி எழுத அடுத்த வருடம் ஆகும். தொழிற்சாலை அதுவரை காத்திருக்காது.

"சார், என் போர்டுல சத்தம் வருதுங்க."

"பெருக்கின்னா சத்தம் வரத்தாம்மா செய்யும். அதுக்குத்தானே கட்டினே?"

"மைக்கைக் கழட்டினாலும் வருதுங்க சார். தட்டற மாதிரி."

"யாரு தட்டறது?"

"அதாங்க சார் தெரியல." அவள் சிரிக்கவில்லை. "ரூம்ல எல்லாரும் பயந்துட்டாங்க. போர்டை வராண்டால வைக்கச் சொல்லிட்டாங்க."

"சால்டரிங் எங்கயாச்சும் விட்டிருக்கும், பாரு" என்று அனுப்பிவிட்டேன். எந்தக் கோளாறுக்கும் பொருந்துகிற ஒரு பதிலை ஆசிரியர்கள் எப்போதும் கைவசம் வைத்திருப்போம். என்னுடையது அது.

செமினார் அன்று வெளித்தேர்வாளர் சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்தார். சூத்திரங்களின் ரசிகர். என் கேள்விகளைப் படித்துவிட்டு, "ஏன் ஏன்னு கேட்டுட்டே போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு எப்ப போறது சார்?" என்றார். நியாயமான கேள்வி.

முதலில் வந்த பையனிடம் ஒரு ரெசிஸ்டரைக் காட்டி, "இது ஏன்?" என்றேன்.

"வெப்ப நிலைத்தன்மைக்காக சார்" என்றான், கண்ணை மூடிக்கொண்டு.

"இது எல்.ஈ.டி. விளக்குக்குப் போறதுப்பா."

ஒரு நொடி யோசித்தான். "எல்.ஈ.டி.யும் சூடாகும்ல சார்."

வெளித்தேர்வாளர் எனக்காக வருத்தப்பட்டுத் தலையை அசைத்தார்.

இப்படியே சாப்பாட்டு நேரமும் தாண்டியது. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. அறுபட்ட குன்றின் பாறைமுகத்திலிருந்து வெளிச்சம் பிரதிபலித்துக் கூடத்தின் கூரையில் ஒரு வெளிறிய கட்டமாக விழுந்து அசையாமல் கிடந்தது. அந்த நேரத்தில்தான் அவள் முறை வந்தது.

ஒட்டுப்பலகையில் திருகிய சுற்று, பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒன்பது வோல்ட் பேட்டரி. வேலை சுத்தமாக இருந்தது. முதல் படி ஒரு எஃப்.இ.டி., அடுத்து ஒரு டிரான்சிஸ்டர், கடைசியில் ஸ்பீக்கரை ஓட்ட எட்டுக்கால் ஐ.சி. ஒன்று. பலகையின் மூலையில் ஒரு எலுமிச்சம்பழம், கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கியது.

வெளித்தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இது என்ன காம்பொனன்ட்டும்மா?"

"எலுமிச்சங்காங்க சார்."

"ஏன் வெச்ச?" இப்போது அவரும் என் கட்சிக்கு வந்துவிட்டார்.

"நான் வெக்கலைங்க. ரூம்மேட்டுங்க கட்டுனாங்க. தட்டற சத்தம் நிக்கட்டும்னு."

"டாலரன்ஸ் எவ்வளவு?"

"ரெண்டு நாளுதாங்க சார். அப்புறம் அழுகிடும்."

கூடம் சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுதி அறைத்தோழியாக இருக்க வேண்டும்.

நான் கேள்விகளைத் தொடங்கினேன். எஃப்.இ.டி. ஏன் என்றதற்கு, மைக்கிலிருந்து மின்னோட்டத்தை இழுக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் என்றாள். அதன் கேட் முனையில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் ஏன் என்றதற்கு, அந்த முனை அந்தரத்தில் நிற்காமல் தரையோடு கட்டிவைக்க என்றாள். மைக்குக்கு மேலே அந்தப் பத்தாயிரம் ஓம் ஏன்? மைக்குக்குச் சாப்பாடு அதன் வழியாகத்தான் போகிறது. எதுவும் பிடிஎஃப்பில் இருந்த வாசகம் அல்ல. எனக்குள் இருந்த புரட்சிக்காரன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான்.

பிறகு மைக்குக்கும் எஃப்.இ.டி.க்கும் நடுவில் இருந்த இணைப்புக் கெப்பாசிட்டரைக் காட்டினேன். 103 என்று எழுதிய, பழுப்பு நிறப் பீங்கான் வட்டு.

"மதிப்பு ஏன் இது?"

"பாயிண்ட் ஜீரோ ஒன் மைக்ரோங்க. ஒரு மெகாவோட சேந்தா பதினாறு ஹெர்ட்ஸுக்குக் கீழதான் வெட்டும். பேச்சு முழுசா உள்ள வந்துரும்."

"மதிப்பு சரி. வகை ஏன் இது? பீங்கான் வட்டு ஏன்?"

நின்றாள். கட்டைவிரலால் பலகையின் ஓரத்தைத் தேய்த்தாள்.

"கடையில அதாங்க சார் இருந்துச்சு."

கூடம் மறுபடி சிரித்தது. வெளித்தேர்வாளர் பேனாவின் மூடியைத் திறந்தார். "வகைக் கேள்விக்குத்தான் உங்க தாள்ல மார்க் அதிகம். இதுல பூஜ்யம்னா மொத்தத்துல தேறாது" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மதிப்பெண்ணைப் பங்கிட்டவன் நான்தான். சூத்திரம் வகையைப் பற்றிப் பேசாது, சிந்திப்பவன்தான் பேசுவான் என்று பெருமையாக அதற்கு அதிகம் வைத்திருந்தேன். பேட்டரிப் பெட்டியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. எங்கள் தாழ்ந்த குரல் அவளுக்குக் கேட்டிருந்தது.

அப்போது மின்சாரம் போயிற்று.

ஃபேன்கள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. ஃபேன் ஓடும்போது அது ஒரு சத்தம் என்றே தோன்றாது. நின்ற பிறகுதான் அது எதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்று தெரியும். வெளியே ஒரு பறவைகூட இல்லை.

மேசைமேல் இருந்த ஸ்பீக்கரில், டொக்.

சிறிது இடைவெளி. டொக் டொக்.

"யாரு தட்டறது?" என்றார் வெளித்தேர்வாளர்.

"எல்லாரும் மேசையில இருந்து கையை எடுங்க" என்றார். எடுத்தார்கள். சிலர் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று கையைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். ஒரு பையன் கால்களையும் பெஞ்சின்மேல் எடுத்து வைத்துக்கொண்டான். கூடம் முழுக்கக் கைகள், சரணடைந்த படை மாதிரி. அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

டொக். இடைவெளி. டொக் டொக்.

"அந்த மைக்கைக் கழட்டும்மா."

"அப்பவே கழட்டிட்டேன்ங்க சார்." அவள் உள்ளங்கையை விரித்தாள். மைக் அதில் இருந்தது, ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு.

கையிலிருந்த கேள்வித்தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

வெளித்தேர்வாளர், படித்த மனிதர், ஸ்பீக்கரிடமிருந்து நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்தார். நாற்காலிக் கால் தரையில் உராய்ந்தது. அந்த உராய்வு ஸ்பீக்கரிலும் மெல்லிதாக, கரகரவென்று வந்தது. அவர் அப்படியே உறைந்துபோனார்.

அவள் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். பயம் போகவில்லை. பயத்துக்கு மேலே வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. "சார், செஞ்சு காட்டலாம்தானுங்களே?" என்றாள்.

"காட்டலாம்" என்றேன்.

சட்டைப்பையிலிருந்த என் பென்சிலைக் கேட்டு வாங்கினாள். அதன் மரமுனையால் பாகங்களை ஒவ்வொன்றாக மெதுவாகத் தட்டினாள். ரெசிஸ்டரைத் தட்டியபோது ஸ்பீக்கரில் தூரத்துச் சத்தம். எஃப்.இ.டி.யைத் தட்டியபோதும் அப்படியே. பீங்கான் வட்டைத் தொட்டாள். 'டங்' என்று ஸ்பீக்கர் அதிர்ந்தது. முன்வரிசை பின்வரிசை மேல் சாய்ந்தது.

"இதாங்க. இதாங்க கேக்குது."

"ஏன்?" என்றேன். பழக்கதோஷம்.

"பீங்கானை அழுத்தினா லேசா மின்னழுத்தம் வரும்ல சார், கேஸ் லைட்டர்ல வர்ற மாதிரி. மைக் போனாலும் அந்தப் பத்தாயிரம் ஓம் வழியா ஒம்பது வோல்ட் இதும்மேல நின்னுட்டேதான் இருக்கு. அந்தப் பக்கம் ஒரு மெகாதான், சீக்கிரம் வடியாது. அதிர்ச்சி வந்தா வட்டு நசுங்கும், அது சிக்னலா உள்ள போவும். பின்னாடி இருக்கறதெல்லாம் அதைப் பெருசாக்கிடும்." மூச்சு வாங்கினாள். "வட்டே மைக்கா ஆயிடுச்சுங்க சார்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்விக்கு நான் எழுதி வைத்திருந்த விடை வேறு. அந்த வகைப் பீங்கானின் மதிப்பு மின்னழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் மாறும், அதனால் ஒலி திரியும் என்பது என் விடை. அதுவும் சரிதான். ஆனால் ஸ்பீக்கர் தட்டிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

"வகை மாத்திக் காட்டட்டும். அப்பத்தான் ஒத்துக்குவேன்" என்றார் வெளித்தேர்வாளர். சட்டம் பேசினால் பயம் குறையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆய்வகம் தாழ்வாரத்தின் மறுகோடியில். ஒரு பாலியெஸ்டர் கெப்பாசிட்டரை எடுத்துவர நானே கிளம்பினேன். யாரையும் அனுப்ப மனம் வரவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. யாரும் போகமாட்டார்கள் என்பது மீதி.

வழியில் வரைபடக்கூடம். பூட்டு துருவேறித் தொங்கியது. சன்னல் கண்ணாடியில் தூசு, அதற்குள் வெயில் தேங்கி நின்றது. அடுக்கிய மேசைகளின் கால்கள் மட்டும் தெரிந்தன. யாரும் இல்லை. தரையில் காலடித் தடம் இல்லை. சுவரில் காதை வைத்தேன். அந்த வயதில், அந்தப் பதவியில் ஒருவன் செய்யக்கூடாத காரியம். சுவர் சூடாக இருந்தது. எதுவும் கேட்கவில்லை. என் காதில் பீங்கான் இல்லை.

ஆய்வக இழுப்பறையில் பச்சை நிறப் பாலியெஸ்டர் ஒன்று கிடைத்தது. அதிலும் 103. அதே மதிப்பு, அதே சூத்திரம், அதே பதினாறு ஹெர்ட்ஸ்.

திரும்பி வந்தபோது கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"சார், நீங்க பக்கத்து ரூம்கிட்ட நின்னீங்களா?" என்றாள் அறைத்தோழி.

"ஏன்?"

"நடுவுல ஒரு தடவ தட்டற சத்தம் நின்னு போச்சுங்க சார். ரொம்ப நேரம் இல்ல. அப்புறம் நீங்க நடந்தீங்களே, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு."

"என் காலடியாத்தான் இருக்கும்" என்றேன்.

"காலடி தனியா கேட்டுச்சுங்க. நாங்க சொல்றது அதில்ல."

வெளித்தேர்வாளர் அதை மறுக்கவில்லை. கைக்குட்டையை மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

மின்சாரம் இல்லாததால் சால்டரிங் இரும்பு உதவாது. அவள் வட்டின் கால்களைப் பாதியில் வெட்டினாள். மிஞ்சிய குச்சிகளில் பச்சைக் கெப்பாசிட்டரின் கால்களை இறுக்கி முறுக்கினாள். பேட்டரியை இணைத்தாள். மைக் உள்ளங்கை வியர்வையில் நனைந்து மேசையில் கிடந்தது.

அமைதி. கையைக் காதருகே வைத்தால் கேட்கிற மெல்லிய இரைச்சல் மட்டும். பென்சிலால் தட்டினாள். ஏதோ பக்கத்து ஊரில் தட்டியது போல வந்தது. எல்லாரும் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை.

"இப்ப சொல்லும்மா" என்றார் வெளித்தேர்வாளர். "இந்த இடத்துல ஏன் பாலியெஸ்டர்?"

"மைக் கேக்கறது மட்டும் உள்ள வரணும்ங்க சார். வேற எதுவும் வரக்கூடாது."

அவர் முழு மதிப்பெண் போட்டார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே போட்டார். ஓசூர் அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் புரிந்தது. யாரோ கை தட்டத் தொடங்கி, அது தட்டும் சத்தம் என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் பலகையை எடுத்துக்கொண்டு நகரவில்லை.

"சார், ஒரு ஏன் கேக்கலாங்களா?"

"கேளு."

"கெப்பாசிட்டர் மாத்தினதால நமக்குக் கேக்கலைங்க. சரி." ஸ்பீக்கரைப் பார்த்தாள். "நீங்க பக்கத்து ரூம்கிட்ட நின்னப்ப அது தட்டறதை ஏன் நிறுத்துச்சு?"

குவாரி என்று சொல்ல வாயெடுத்தேன். குவாரி மூடி எத்தனையோ காலம். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் என்று சொல்லலாம் என்றால் மின்சாரம் இல்லை. வெயிலில் விரியும் கூரைக்கம்பி என்று நினைத்தேன், அது கொஞ்சம் பொருந்தும். ஆனால் கம்பி நான் நின்றால் நிற்பதும் நடந்தால் தொடங்குவதும் எப்படி என்று அவளே அடுத்த 'ஏன்' கேட்பாள். நான்தான் அப்படிப் பழக்கியிருந்தேன்.

"அது சிலபஸ்ல இல்லம்மா" என்றேன்.

அப்போதே மின்சாரம் வந்தது. ஃபேன்கள் சுழன்றன, கூடம் எல்லாச் சத்தத்தையும் திரும்ப மூடிக்கொண்டது. வெளித்தேர்வாளர் டீ குடிக்காமலே பஸ் ஏறினார்.

அவள் இப்போது ஓசூரில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். வேலையே பென்சில் வைத்துத் தட்டுவதுதானாம். விடுமுறைக்கு வந்தபோது சொன்னாள். மற்றதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

கால் வெட்டிய அந்தப் பீங்கான் வட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு பெருக்கியும் பேட்டரியும் ஸ்பீக்கரும் இருந்தால் போதும், ஒரு மதியம் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுவிடலாம். இதுவரை செய்யவில்லை. செமினாரைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டேன். ஏன் என்று முதல்வர் கேட்டார். கீழே ஃபேன் நன்றாக ஓடுகிறது என்று சொன்னேன்.